போட்டோவுல வந்த கல்யாணப் பத்திரிகையை இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்த அனுபவம்

2025 ஆவணியில எங்க பெரியம்மை மகனுக்கு கல்யாணம். பத்திரிகை அச்சடிச்சு வந்த அன்னைக்கே பெரியப்பா அதை போன்ல ஒரு போட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டுட்டாவ. எங்க ஊர்ப்பக்கம் உள்ளவங்களுக்கு அது போதும். ஆனா குரூப்ல இருக்கிறதுல பாதிப்பேருக்கு தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. எங்க மாமா, அதாவது அம்மையோட தம்பி, சின்ன வயசுலயே வேலைக்கு மும்பை போய் அங்கேயே குடும்பமா இருந்தாவ, அவங்க பிள்ளைங்க வீட்டுல நல்லா தமிழ் பேசும், வாசிக்காது. அதுல மூத்தவன் இப்ப கலிபோர்னியாவுல, அவன் பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு பேச்சும் கொஞ்சம்தான். இன்னொரு பக்கம் பெரியப்பாவோட சொந்தக்காரங்க நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம்னு இருக்காவ, அவங்க நம்மளை மாதிரியே தமிழ் பேசுவாவ, படிச்சதெல்லாம் மலையாளம். 1956 வரைக்கும் நம்ம கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோட சேர்ந்து இருந்ததுதானே, அதனால இப்படி ஒரே குடும்பத்துல ரெண்டு எழுத்து இருக்கிறது இங்க ரொம்ப சாதாரணம்.

மாமா மகள் மும்பையில இருந்து போன் பண்ணி, "மைனி, எங்களுக்கு இதை இங்கிலீஷ்ல எழுதித் தாங்க, அப்பா பேரு எங்க இருக்குன்னும் சொல்லுங்க"ன்னு கேட்டா. மாமா தவறி கொஞ்ச வருஷம் ஆகுது. தாய்மாமன்னு பத்திரிகையில அவங்க பேரைப் போட்டிருக்குன்னு பெரியம்மை சொல்லியிருக்காங்க, இவளுக்கு அது எந்த வரின்னு கண்டுபிடிக்கத் தெரியல. அப்படித்தான் நான் உட்கார்ந்தேன். இதே மாதிரி வேலை உங்க வீட்டுலயும் யாராவது ஒருத்தர் தலையில வந்து விழும், அதனால நான் செஞ்ச வரிசையிலயே சொல்றேன்.

முதல்ல போட்டோ. பத்திரிகை மெரூன் கலர் அட்டை, எழுத்தெல்லாம் தங்கக்கலர்ல மினுங்கும். அதை டியூப்லைட் அடியில வச்சு எடுத்ததுல நடுவுல வெள்ளையா ஒரு பட்டை விழுந்து ரெண்டு வரி சுத்தமா காணோம், கீழ்ப்பக்கம் சொந்தக்காரங்க பேரு வர்ற இடம் பாதி வெட்டியும் போச்சு. பெரிசு பண்ணிப் பாத்தா எழுத்து கட்டங்கட்டமா உடையுது. அதை வச்சு மல்லுக்கட்டாம திரும்ப எடுக்கச் சொன்னேன். பகல்ல, ஜன்னல் பக்கத்துல, வெயில் நேரா விழாத இடத்துல அட்டையை சமமா விரிச்சு வைக்கணும், பிளாஷ் போடக்கூடாது, போனை அட்டைக்கு நேர் மேல சாயாம பிடிக்கணும், ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியா எடுக்கணும். ஒவ்வொரு பக்கத்தையும் ரெண்டு தடவை எடுக்கச் சொன்னேன், ரெண்டாவது தடவை அட்டையை அப்படியே கால்வட்டம் திருப்பி வச்சு. தங்க எழுத்துல வெளிச்சம் பட்டு அழியிற இடம் ரெண்டு படத்துலயும் ஒரே இடமா இருக்காது, ஒண்ணுல போன வரி இன்னொண்ணுல தெரியும். அனுப்பும்போது சாதாரண போட்டோவா அனுப்பாம வாட்ஸ்அப்ல டாக்குமெண்ட்னு போட்டு அனுப்பணும், இல்லைன்னா அது படத்தை சுருக்கிடும், சின்ன எழுத்து முதல்ல சாகும்.

படம் நல்லா வந்ததும் நேரா இங்கிலீஷ்க்கு போகல. முதல்ல தமிழ்லயே வரிக்கு வரி டைப் பண்ணி வச்சேன், சந்தேகம் உள்ள எழுத்துக்கு பக்கத்துல கேள்விக்குறி போட்டு. இது சும்மா ரெட்டை வேலைன்னு தோணும், ஆனா இங்கதான் விஷயமே இருக்கு. வார்த்தையில ஒரு புள்ளி அழிஞ்சாலும் கொம்புக்குள்ள இருக்கிற சுழி தெரியலைன்னாலும் நாம படிச்சிடுவோம், 'சுபதினத்தில்'ங்கிறது பாதி அழிஞ்சிருந்தாலும் வேற எதுவா இருக்கப் போகுது. ஆனா ஒருத்தர் இனிஷியல் 'செ'யா 'சே'யா, மணி 10ஆ 16ஆ, தேதி 3ஆ 8ஆ, இதையெல்லாம் முன்னபின்ன உள்ள வார்த்தையை வச்சு சரிபண்ண முடியாது. அதனால கேள்விக்குறி போட்டதுல வார்த்தையெல்லாம் விட்டுட்டு இனிஷியல், நம்பர், வீட்டுப்பேரு, ஊர்ப்பேரு இதை மட்டும் எடுத்து பெரியப்பாகிட்ட போன்ல ஒவ்வொண்ணா கேட்டு எழுதினேன்.

கேட்கும்போதே இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கும் கேட்டுட்டேன். தமிழ்ல ககரம் ஒண்ணுதான், அது கோபாலுக்கும் வரும் கோமளாவுக்கும் வரும், இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் வேற வேற எழுத்து. பாலுவும் பாண்டியனும் அதே மாதிரிதான். பேராவது கேட்டுப் பழகியிருப்போம், தனியா நிக்கிற இனிஷியலை என்ன செய்ய? 'கோ.'ன்னு போட்டிருந்தா அது G-யா K-யா, 'தா.'ன்னா T-யா D-யான்னு அப்பா பேரு தெரிஞ்சாதான் சொல்ல முடியும். பொண்ணு வீட்டுக்காரங்க நமக்குப் புதுசு, அவங்க பேரெல்லாம் ஊகத்துல எழுதக்கூடாதுன்னு பொண்ணோட அப்பா நம்பரை வாங்கி அவங்ககிட்டயும் கேட்டேன். ஆதார்லயும் பாஸ்போர்ட்லயும் எப்படி இருக்கோ அப்படியே சொல்லுங்கன்னு கேட்டா போதும், யாரும் தப்பா நினைக்கல, சந்தோஷமாத்தான் சொன்னாவ. மும்பைக்காரங்க மணமக்கள் பேரைப் பொறிச்சு ஒரு வெள்ளித்தட்டு செய்யக் கொடுக்கப் போறோம்னு சொன்னதால இதுல நான் ரொம்ப பிடிவாதமா இருந்தேன்.

அடுத்தது தேதி. நம்ம மாவட்டப் பத்திரிகையில இதுதான் வெளியூர்க்காரங்களை ரொம்ப குழப்பும். அதுல இருந்தது இப்படி: கொல்லம் 1201ம் ஆண்டு, நிகழும் மங்களகரமான விசுவாவசு வருஷம் ஆவணி மாதம் 19ம் தேதி, 04.09.2025, வியாழக்கிழமை, வளர்பிறை துவாதசி திதியும் உத்திராடம் நட்சத்திரமும் கூடிய சுபதினத்தில் காலை மணி 10.30க்கு மேல் 11.00க்குள் துலா லக்னத்தில். ஒரே நாளை மூணு கணக்குல சொல்லியிருக்கு. கேரளத்துல பாக்கிற கொல்லம் ஆண்டு ஆவணி ஒண்ணாம் தேதி மாறும், தமிழ் வருஷம் சித்திரை ஒண்ணாம் தேதி மாறும், அப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்ச ஜனவரிக் கணக்கு. கொல்லம் ஆண்டை சரிபாக்க ஒரு வழி இருக்கு, ஆவணி பிறந்ததுல இருந்து டிசம்பர் வரைக்கும்னா 824 கூட்டணும், ஜனவரியில இருந்து ஆடி முடியிற வரைக்கும்னா 825. 1201ஓட 824 கூட்டினா 2025, சரியா வருதா, அப்ப அச்சுப்பிழை இல்லை. ஆவணி 19ஐயும் அப்படியே பாத்தேன், அந்த வருஷம் ஆவணி ஒண்ணு ஆகஸ்ட் 17, அதுல இருந்து எண்ணினா 19ம் தேதி செப்டம்பர் 4, கிழமையும் வியாழன். மூணும் ஒண்ணா நிக்கிறதைப் பாத்த பிறகுதான் எழுதினேன். மூணுல ஒண்ணு ஒத்துவரலைன்னா நீங்களா ஒண்ணைத் தேர்ந்தெடுக்காம வீட்டுக்காரங்களைக் கேட்டுருங்க.

இங்கிலீஷ்ல இந்த மூணையும் ஒரே வரியில திணிக்கக்கூடாது. மேல தனியா, வியாழக்கிழமை, 4 செப்டம்பர் 2025ன்னு மாசத்தை எழுத்துல எழுதினேன். 04.09ன்னு அப்படியே விட்டா அமெரிக்காவுல இருக்கிற பிள்ளைங்க அதை ஏப்ரல் ஒன்பதுன்னு படிக்கும், அங்க மாசம்தான் முதல்ல. கீழே முழு மொழிபெயர்ப்புல வருஷம், திதி, நட்சத்திரம், லக்னம் எல்லாத்தையும் அப்படியே பேரோட வச்சு, இது பஞ்சாங்கப்படி பாத்த நல்லநேரத்தைச் சொல்றதுன்னு ஒரு வரி மட்டும் சேர்த்தேன். துவாதசின்னா பன்னிரண்டாவது பிறை நாள்னு விளக்கப் போனா அது முடிவில்லாம போகும், கேக்கிறவங்களுக்கு தனியா சொல்லிக்கலாம். கொல்லம் ஆண்டை மட்டும் எடுக்காம வச்சேன், திருவனந்தபுரத்துக்காரங்க வீட்டுக் காலண்டர்ல அதைத்தான் பாப்பாவ, அவங்களுக்கு மலையாள மாசக்கணக்குல சிங்ஙம் 19ன்னு சேர்த்து எழுதினேன். அந்த மாசம் ரெண்டு கணக்கும் ஒரே தேதியில ஓடிச்சு. சில மாசத்துல தமிழ் தேதிக்கும் மலையாளத் தேதிக்கும் ஒரு நாள் வித்தியாசம் வரும், அதனால இதை ஒவ்வொரு தடவையும் காலண்டர் பாத்துதான் எழுதணும்.

நேரத்துலயும் ஒரு விஷயம் உண்டு. '10.30க்கு மேல் 11.00க்குள்'னா தாலிகெட்டு அந்த அரை மணிக்குள்ள நடக்கும்னு அர்த்தம். வெளியூர்ல வளர்ந்த பிள்ளைங்க 10.30க்கு நிகழ்ச்சி ஆரம்பிக்கும்னு எடுத்துக்கிட்டு 10.45க்கு வந்து நிக்கும், அதுக்குள்ள தாலி ஏறியிருக்கும். அதனால "தாலிகட்டு 10.30க்கும் 11க்கும் இடையில, நீங்க 9.30க்கே வந்துருங்க"ன்னு என் குறிப்பா கீழே எழுதினேன். பத்திரிகையில இல்லாததை நான் சேர்த்தா அது என் குறிப்புன்னு தெரியுற மாதிரி தனியா வச்சேன், மொழிபெயர்ப்புக்குள்ள கலக்கல. கலிபோர்னியாவுல இருந்து லைவ்லதான் பாக்கலாம்னு அப்ப நினைச்சிருந்தவனுக்கு அங்கத்த நேரமும் போட்டேன், நம்ம வியாழன் காலை 10.30ங்கிறது அவனுக்கு புதன்கிழமை ராத்திரி 10 மணி. தேதியே ஒண்ணு பின்னால போகுது, அதைச் சொல்லலைன்னா அவன் வியாழன் ராத்திரி போனைத் திறந்துட்டு உட்கார்ந்திருப்பான்.

இடம். தாலிகெட்டு குமாரகோவில் முருகன் கோவில்ல, சாப்பாடு தக்கலையில ஒரு மண்டபத்துல, முந்தின நாள் சாயந்தரம் நிச்சயதாம்பூலம் 'மேற்படி மண்டபத்தில்'னு போட்டிருந்தது. மேற்படின்னா மேல சொன்ன அதே இடம், ஆனா பத்திரிகையில மேல கோவிலும் இருக்கு மண்டபமும் இருக்கு, தமிழ் தெரிஞ்சவனுக்கு மண்டபம்னு புரியும், இங்கிலீஷ்ல 'சேம் வென்யூ'ன்னு எழுதினா கோவிலுக்குப் போய் நிப்பாங்க. அதனால ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மண்டபம் பேரை முழுசா திரும்பத் திரும்ப எழுதினேன். ஊர்ப்பேரை என் காதுக்குக் கேக்கிற மாதிரி எழுதல, மேப்லயும் டிக்கெட் புக் பண்ற இடத்துலயும் எப்படி இருக்கோ அப்படி எழுதினேன். தக்கலைக்கு Thuckalay, நாகர்கோவிலுக்கு Nagercoil, ரயிலுக்கு கிட்டத்துல இறங்குற இரணியல் Eraniel. குளச்சல் Colachelனு இருக்கும்னு பம்பாய்ல இருக்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும். பொண்ணு வீடு திங்கள்சந்தைப் பக்கம், பெரியவங்க அதை மண்டே மார்க்கெட்னு சொல்லுவாவ, பஸ்ல திங்கள்நகர்னு போட்டிருக்கும், மூணும் ஒரே ஊருன்னு குறிப்புல போட்டுட்டேன். மறுநாள் 5ம் தேதி திருவோணம், திருவனந்தபுரத்துல இருந்து வர்ற ரயிலும் பஸ்ஸும் நிறைஞ்சிருக்கும், அதையும் எழுதி டிக்கெட்டை முன்னாடியே எடுத்துக்கச் சொன்னேன்.

இனி பத்திரிகையோட நடுப்பகுதி. தமிழ்ப் பத்திரிகை முழுக்க ஒரே வாக்கியம். தாத்தா பாட்டி பேரு, அவங்களோட பேரனும், அப்பா அம்மா பேரு, அவங்களோட மூத்த மகனும் ஆகிய மாப்பிள்ளைக்கும், இன்ன ஊர் இன்னாரோட பேத்தியும், இன்னாரோட இளைய மகளும் ஆகிய பொண்ணுக்கும்னு போய்க்கிட்டே இருந்து, கடைசியிலதான் திருமணம், கடைசியிலும் கடைசியில அன்புடன் அழைக்கிறோம். யார் அழைக்கிறாங்கன்னு தெரியவே ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் போய்வரணும். இதை அதே வரிசையில இங்கிலீஷ்ல போட்டா படிக்கிறவங்களுக்கு யார் யாரைக் கல்யாணம் பண்றாங்கன்னே புரியாது. நான் நாலா உடைச்சேன். அழைக்கிறவங்க யாரு, அது முதல்ல. மாப்பிள்ளை யாரு, யாரோட பேரன், யாரோட மகன், எத்தனாவது மகன், அது ரெண்டாவது. பொண்ணு அதே மாதிரி மூணாவது. அப்புறம் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்து வாழ்த்தணும்ங்கிற அழைப்பு. திருவளர்ச்செல்வன், திருநிறைச்செல்வின்னு பேருக்கு முன்னாடி வர்றதை மரியாதைச் சொல்லுன்னு எடுத்துக்கிட்டு பேரை மட்டும் எழுதினேன், சேர்த்து எழுதினா அதையும் பேருன்னு நினைச்சு வெள்ளித்தட்டுல பொறிச்சிருவாங்க.

ஆனா ஒரு அடைமொழியை மட்டும் விடவே கூடாது. அமரர், தெய்வத்திரு, தெய்வத்திருமதி, சில பத்திரிகையில பேருக்குப் பின்னாடி குட்டியா ஒரு நட்சத்திரக்குறி, கிறிஸ்தவக் குடும்பத்துப் பத்திரிகைன்னா சிலுவைக்குறி. இறந்துபோனவங்கன்னு அர்த்தம். மங்கின போட்டோவுல அந்தக் குறி தூசி மாதிரி தெரியும், கவனமா பாக்கணும். அது விட்டுப்போச்சுன்னா, வெளிநாட்டுல இருந்து வர்றவன் மண்டபத்துல வந்து பொண்ணோட தாத்தா எங்க, கும்பிட்டுட்டு வர்றேன்னு கேப்பான், அந்தப் பாட்டியம்மை முன்னாலயே. நான் ஒவ்வொருத்தருக்கும் 'லேட்'னு போட்டேன், தாத்தா தவறி பாட்டி இருக்காங்கன்னா அது யாருக்குச் சேரும்னு குழப்பம் வராம ரெண்டு பேரையும் தனித்தனி வரியில எழுதினேன்.

அப்படியே கீழே வந்தா சொந்தக்காரங்க பட்டியல், சின்ன எழுத்துல நெருக்கி அடிச்சிருந்தது. எல்லாரும் இங்கிலீஷ்ல அங்கிள், ஆன்ட்டின்னு போட்டு முடிச்சிருவாங்க. எனக்கு அதுல மனசு ஒப்பல. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தான் எல்லாருக்கும் அங்க தனித்தனி இடம் கொடுத்துத்தான் அச்சடிச்சிருக்காவ, தாய்மாமன் பேரை முதல்ல போட்டிருக்காவ, முகூர்த்தத்துல அவங்களுக்குன்னு முறை இருக்கு. அதனால தமிழ் உறவுப்பேரை அப்படியே எழுதி பக்கத்துல அம்மாவின் சகோதரர், அப்பாவின் அண்ணன்னு இங்கிலீஷ்ல விளக்கம் வச்சேன். மாமா பேரு தாய்மாமன்மார் வரிசையில முதல் பேரா இருந்தது, முன்னாடி தெய்வத்திருன்னு. மாமா மகளுக்கு அந்த இடத்தை மட்டும் போட்டோவுல சிவப்பு வட்டம் போட்டு அனுப்பி, "பக்கத்துல இருக்கிறது உங்க அம்மை பேரு, அதுக்குக் கீழ உன் பேரு, உன் அண்ணன் பேரு"ன்னு எழுதினேன். அவ உடனே கூப்பிட்டு, "அப்பாவை இப்பவும் முதல்ல போட்டிருக்காங்களா மைனி?"ன்னு கேட்டா. ஆமா மக்கா, தாய்மாமன்னா அவங்கதானே மூத்தவங்க, அந்த இடம் மாறாதுன்னு சொன்னேன். கொஞ்சநேரம் அழுதா, அப்புறம் அண்ணனையும் குழந்தைங்களையும் கூட்டிட்டு வர்றதைப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டா. அங்கிள்னு எழுதி முடிச்சிருந்தா இது அவளுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அனுப்பினது இப்படி. மேல நாலஞ்சு வரியில யாருக்கு யாரோட கல்யாணம், என்னைக்கு, எத்தனை மணிக்கு எங்க இருக்கணும். கீழ முழு மொழிபெயர்ப்பு, பத்திரிகையில இருக்கிற பத்திகளுக்கு நம்பர் போட்டு, போட்டோவுலயும் அதே நம்பரைக் குறிச்சு, பக்கத்துல வச்சுப் பாத்துக்கிற மாதிரி. அதுக்கும் கீழ என் குறிப்புகள். போட்டோ மேலயே இங்கிலீஷை எழுதி ஒட்டல, மண்டபம் பேரை காப்பி பண்ணி மேப்ல போட முடியாம போயிரும், அதனால எழுத்தாவே மெசேஜ்லயும் ஒரு பிடிஎப்லயும் அனுப்பினேன். அனுப்புறதுக்கு முன்னாடி பெரியப்பா மகள்கிட்ட பத்திரிகையைக் கையில கொடுத்து, நான் இங்கிலீஷ்ல இருக்கிற பேரு, தேதி, நேரம், இடம் நாலையும் வாசிக்க வாசிக்க அவ தமிழ்ல விரல் வச்சு ஒத்துப்பாத்தா.

கடைசியா ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டேன், மணமக்கள் பேரு, ரெண்டு வீட்டு அப்பா அம்மா பேரு, ஊர்ப்பேரு எல்லாம் நிதானமா சொல்லி. குமாரகோவில், தக்கலையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தைப் பாத்து சரியா உச்சரிக்க வராது, ஆட்டோக்காரர்கிட்ட சொல்லவாவது வேணும்லா. அந்த கலிபோர்னியாக் குட்டிங்க அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு பொண்ணு பேரை நல்லா சொல்லப் பழகிட்டு வந்து இறங்கினதுங்க, 'ழகரம்' வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் வழுக்கிச்சு, அதைப் பெரியம்மை மடியில உட்கார வச்சு சரிபண்ணிட்டாங்க.